காதல் ரீடிங்கை எழுதிக் கொடுப்பவர்களுக்கு: நான் எழுதாத ஒரு வாக்குறுதிக்கு நான் பதில் சொன்ன கதை

டாரட் கார்டு போட்டுப் பேசுவது ஒரு வேலை. பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கிளையன்ட் கையில் கொடுப்பது முற்றிலும் வேறு வேலை. பேசும்போது எதிரில் இருப்பவர் முகம் வாடினால் தெரியும், தப்பாகப் புரிந்துகொண்டால் அங்கேயே திருத்திவிடலாம். எழுத்தில் அந்த வசதி கிடையாது. அனுப்பிய பிறகு அந்தப் பக்கம் மட்டும்தான் அவரோடு இருக்கும். தூக்கம் வராத இரவுகளில் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார், தோழிக்கு அனுப்புவார், தனக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்வார். காதல் விஷயத்தில் இது இன்னும் அதிகம். ஏனென்றால் கேட்பவர் ஏற்கெனவே ஒரு பதிலுக்காக ஏங்கிக்கொண்டுதான் வருகிறார். இந்தத் தொழிலில் கார்டுகளின் அர்த்தத்தைக் கற்றுக்கொடுக்க ஆட்கள் நிறைய உண்டு. அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எனக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் அப்போது ஆன்லைனில் ரீடிங் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கிளையன்ட்டோடு நான் போனில் பேசுவேன், கார்டு போடுவேன், குறிப்பை எழுதி நிறுவனத்துக்கு அனுப்புவேன். அவர்கள் அதை அழகாக வடிவமைத்து, கீழே என் பெயரைப் போட்டுக் கிளையன்ட்டுக்கு அனுப்புவார்கள். கிளையன்ட் கைக்குப் போகும் கடைசி வடிவம் என் கண்ணில் படாது. எழுத்துப் பிழை திருத்துவார்கள் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

ஒரு பெண் வந்தார். நான்கு வருடக் காதல். எந்தச் சண்டையும் இல்லாமல் காதலர் பேச்சைக் குறைத்து, பிறகு மொத்தமாகப் பேசாமல் போய்விட்டார். பிளாக் செய்யவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அதே நேரம் இந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது, பதில் சொல்லக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, அவர் திரும்பி வருவாரா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். போனில் நான் முதலில் செய்த வேலை அந்தக் கேள்வியை மாற்றியதுதான். "அவர் என்ன செய்வார்னு கார்டு பார்த்து என்னால சொல்ல முடியாதும்மா. இந்த மௌனத்துல நீங்க எங்க நிக்கிறீங்க, உங்க கையில என்ன இருக்கு, அதைப் பார்ப்போமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார்.

இங்கே ஒரு விஷயம். பொய் வாக்குறுதி குறிப்பில் பிறப்பதில்லை, கேள்வியில் பிறக்கிறது. "வருவாரா" என்ற கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு நீங்கள் எவ்வளவு நாசூக்காக எழுதினாலும், படிப்பவர் உங்கள் வரிகளில் ஆமாம், இல்லை இரண்டில் ஒன்றைத்தான் தேடுவார். அதனால் கேள்வியை மாற்றினால், மாற்றியதைக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். பேச்சில் ஒப்புக்கொண்டார் என்பது ஒரு வாரம் கழித்து அவருக்கே நினைவிருக்காது.

மூன்று கார்டு போட்டேன். நான் பயன்படுத்துவது ரைடர் வெயிட் ஸ்மித் டெக். 1909இல் ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. இன்று பெரும்பாலானவர்கள் கையில் இருப்பதும் அதன் வழிவந்ததே. முதல் இடம் கிளையன்ட்டின் நிலை, அங்கே சிக்ஸ் ஆஃப் கப்ஸ். இரண்டாம் இடம் இருவருக்கும் நடுவில் இருப்பது, அங்கே டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ். மூன்றாம் இடம் கிளையன்ட்டின் கையில் இருப்பது, அங்கே குவீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ். நான் எழுதி அனுப்பிய குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது:

"நீங்கள் முதலில் கேட்டது அவர் திரும்பி வருவாரா என்று. அவர் மனதில் இருப்பதையோ இனி அவர் செய்யப்போவதையோ கார்டுகளால் அறிய முடியாது. எனவே இந்த மௌனத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். உங்கள் நிலைக்கு வந்தது சிக்ஸ் ஆஃப் கப்ஸ், பழைய நாட்களின் கார்டு. நீங்கள் சொன்ன இனிய நினைவுகள் எல்லாமே முதல் வருடத்தைச் சேர்ந்தவை. இதை உங்கள் ஏக்கமாகப் படிக்கிறேன், அவர் வருகையாக அல்ல. நடுவில் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண். பிரிந்துவிட்டோமா என்று இருவருமே வாய்விட்டுக் கேட்கவில்லை என்றீர்கள், அது இங்கே பொருந்துகிறது. உங்கள் கையில் குவீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ், நேரான பேச்சு. விரும்பினால் ஒரே ஒரு முறை, தெளிவாக, அவரிடம் கேட்கலாம். பதில் வரலாம், வராமலும் போகலாம். எத்தனை நாள் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வேலை பற்றிய முடிவை இந்த ரீடிங்கை வைத்து எடுக்க வேண்டாம்."

அவ்வளவுதான். சில வாரம் கழித்து அந்தப் பெண் என்னை நேரடியாகத் தேடிப் பிடித்தார். அழுகையும் கோபமுமாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "நீங்க எழுதினதை நம்பித்தானே அக்கா இருந்தேன்" என்றார். திறந்து பார்த்தேன். கீழே என் பெயர். மேலே இருந்தது என் எழுத்து இல்லை. சிக்ஸ் ஆஃப் கப்ஸ் பழைய காதல் திரும்பி வரும் கார்டு என்று இருந்தது. மூன்று வாரத்துக்குள் அவரிடமிருந்து செய்தி வரும் என்று இருந்தது. குவீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்திருப்பதால் நடுவில் ஒரு பெண் தடையாக இருக்கிறாள், பொறுமையோடும் நல்ல எண்ணத்தோடும் காத்திருந்தால் அவர் நிச்சயம் வருவார், தடையை நீக்கச் சிறப்பு அமர்வு ஒன்று உண்டு என்று இருந்தது. வேலை பற்றிய என் வரியைக் காணவில்லை. அவர் அந்தச் சிறப்பு அமர்வுக்கும் பணம் கட்டியிருந்தார். வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டிருந்தார்.

எனக்குக் கை நடுங்கியது. என் மெயிலில் இருந்த மூலக் குறிப்பை அப்படியே அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அவர் கேட்டது இன்னும் வலித்தது: "இதை அப்பவே பார்த்திருந்தா நான் வேலைக்குப் போயிருப்பேனே." அந்த நாள் முழுக்க என்னால் வேறு எந்தக் கார்டையும் தொட முடியவில்லை. நிறுவனத்திடம் கேட்டபோது, "மேடம், நீங்க எழுதறது கிளையன்ட்டுக்கு நம்பிக்கை கொடுக்கல, நாங்க கொஞ்சம் மெருகேத்தினோம்" என்றார்கள். அவருடைய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள். நான் வெளியேறியதும் எனக்கு வர வேண்டிய நிலுவையை நிறுத்தினார்கள், அது கடைசிவரை வரவில்லை. அந்த ரீடிங்குக்கு எனக்குக் கிடைத்த பங்கை அந்தப் பெண்ணுக்கு என் கையிலிருந்து அனுப்பினேன். சிறப்பு அமர்வின் பணம் என்னிடம் வரவே இல்லை, அதைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. அவருடைய வேலையை யாராலும் திருப்பித் தர முடியாது.

அதற்குப் பிறகு அந்த இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஏமாற்று எந்த இடத்தில் நுழைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி. முதலில் கண்ணில் பட்டது வினைச்சொல். மாற்றி எழுதப்பட்ட குறிப்பில் "செய்தி வரும்", "அவர் வருவார்" என்று, அங்கே இல்லாத ஒரு மனிதரின் செயல் எதிர்காலத்தில் முடிக்கப்பட்டிருந்தது. என் குறிப்பில் அவரைப் பற்றி அப்படி ஒரு முற்று இல்லை. இன்று நான் எழுதி முடித்ததும் செய்யும் முதல் சோதனை இதுதான். காதலன், காதலி, கணவர், மாமியார், யாராக இருந்தாலும் சரி, அந்த அமர்வில் இல்லாத ஒருவர் எழுவாயாக நின்று வருவார், பேசுவார், வருந்துவார் என்று முடியும் வாக்கியம் இருந்தால் அதை அடித்துவிடுகிறேன். "அவர் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்று நிகழ்காலத்தில் எழுதுவதும் இதே ரகம்தான். நமக்கு அது எப்படித் தெரியும்? இன்னொன்று, "இனி அவர் வரவே மாட்டார்" என்று எழுதினால் நேர்மை ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதுதான். கசப்பாக இருப்பதால் மட்டும் ஒரு வாக்கியம் உண்மையாகிவிடாது.

இரண்டாவது, அந்த "மூன்று வாரம்". காதல் ரீடிங்கில் மிகவும் அதிகமாகக் கேட்கப்படுவதும், மிகவும் அதிகமாகக் காயப்படுத்துவதும் கால அளவுதான். கார்டில் காலம் பார்க்க முறைகள் உண்டு. வாண்ட்ஸ் வந்தால் நாட்கள், கப்ஸ் வந்தால் வாரங்கள் என்று ஒருவர் சொல்லித் தருவார். இன்னொருவர் அதையே மாற்றிப் போடுவார். வேறொருவர் பருவங்களை வைத்துக் கணக்கிடுவார். ஒரே கார்டுக்கு மூன்று ஆசிரியர்கள் மூன்று காலம் சொல்லும்போது, அதில் ஒன்றைக் கிளையன்ட்டின் நாட்காட்டியில் ஏற்றிவிட எனக்கு உரிமையில்லை. தேதி கிடைத்தவுடன் அவர் வாழ்க்கையை அதைச் சுற்றி அடுக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் குறிப்பில் தேதி வருவதாக இருந்தால், அது கிளையன்ட் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் தேதியாக மட்டும் இருக்கட்டும். எத்தனை நாள் பதிலுக்குக் காத்திருப்பது என்று அவர் முடிவு செய்வது வேறு, அத்தனை நாளில் பதில் வரும் என்று நான் சொல்வது வேறு.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. "பொறுமையோடு காத்திருந்தால் வருவார்." பார்ப்பதற்கு நிபந்தனையோடு சொன்னது போல, ஜாக்கிரதையாகச் சொன்னது போல இருக்கும். உண்மையில் இது தோற்கவே முடியாத வாக்கியம். வந்தால் ரீடிங் பலித்தது, வராவிட்டால் கிளையன்ட்டுக்குப் பொறுமை போதவில்லை. அந்தப் பெண் என்னிடம் முதலில் கேட்டதே, "நான் நடுவுல ஒரு நாள் கோபப்பட்டுட்டேன் அக்கா, அதனாலதான் வரலையா?" என்றுதான். ஒரு மனிதர் பேசாமல் போனதற்கான பழியை இந்த ஒரு வரி அவள் தலையில் தூக்கி வைத்திருந்தது. குறிப்பில் "நீங்கள் இப்படி இருந்தால் அவர் அப்படிச் செய்வார்" என்ற வடிவம் எங்கே தென்பட்டாலும் நிறுத்திவிடுங்கள். "நீங்கள் இதைச் செய்யலாம், அதற்குப் பிறகு நடப்பது உங்கள் கையில் இல்லை" என்று இரண்டாக உடைத்து எழுதினால் போதும்.

கார்டின் பெயரால் இல்லாத ஆளை உருவாக்குவதும் இப்படித்தான் நடக்கிறது. குவீன் வந்தாலே இன்னொரு பெண், கிங் வந்தாலே இன்னொரு ஆண் என்று படிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் குவீன் விழுந்தது "உங்கள் கையில் இருப்பது" என்ற இடத்தில். இடத்தை மறைத்துவிட்டுக் கார்டை மட்டும் எடுத்துக் காட்டினால் எதையும் சொல்லவைக்கலாம். அதனால் குறிப்பில் ஒவ்வொரு கார்டின் பெயருக்கு முன்னும் அது விழுந்த இடத்தை எழுதுகிறேன். கூடவே, அந்த அர்த்தத்தை எதை வைத்து எடுத்தேன் என்பதையும் எழுதுகிறேன். "நீங்கள் சொன்ன நினைவுகள் முதல் வருடத்தைச் சேர்ந்தவை" என்ற வரி கார்டிலிருந்து வந்ததல்ல, அவர் வாயிலிருந்து வந்தது. அதை அவருக்கே திருப்பித் தருகிறேன் என்பது தெரிய வேண்டும். இல்லையென்றால் கார்டு எதையோ கண்டுபிடித்துவிட்டது போலத் தோன்றும், அடுத்து சொல்வதையெல்லாம் கேள்வியில்லாமல் நம்புவார்.

இது சும்மா பயம் இல்லை. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணக் குறிப்பைக் கொடுத்தார், ஆனால் அது ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதப்பட்டது என்று சொன்னார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் 5க்குப் போட்ட மதிப்பெண் சராசரியாக 4.26. அந்த வாக்கியங்களில் பெரும்பகுதியை அவர் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "நீங்கள் அதிகம் கொடுத்து, குறைவாகப் பெற்றிருக்கிறீர்கள்" என்று காதலில் அடிபட்ட யாரிடம் எழுதினாலும் கண்ணீர் வரும். அந்தக் கண்ணீரைப் பார்த்து ரீடிங் சரியாக இருந்தது என்று நாம் நம்பிவிடக் கூடாது. நான் எழுதிய ஒரு வரியை வேறு யாருடைய குறிப்பிலும் அப்படியே ஒட்ட முடியும் என்றால் அதை எடுத்துவிடுகிறேன். இப்படி எடுத்த பிறகு மிஞ்சுவது சிறியதாகத்தான் இருக்கும். நூற்றைம்பது சொற்களைத் தாண்டினால் நான் எங்கோ இட்டு நிரப்பியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுருக்கம் வேறு, பூசி மெழுகுவது வேறு. பயத்தில் எல்லா வரியிலும் "ஒருவேளை", "இருக்கலாம்", "போலத் தெரிகிறது" என்று போட்டுக்கொண்டே போனால் அது நேர்மையான குறிப்பு ஆகாது, பனிமூட்டம் ஆகிவிடும். பனிமூட்டத்தில் படிப்பவர் தனக்குப் பிடித்த உருவத்தைப் பார்த்துக்கொள்வார். தெரியாது என்பதை ஒரே இடத்தில், கேள்விக்கு அடுத்த வரியில், முழு வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். மற்ற இடங்களில் நிமிர்ந்து எழுதலாம். "வாய்ப்பு பலமாக இருக்கிறது" என்பதைவிட "எனக்குத் தெரியாது" என்பது எவ்வளவோ மேல். கடைசியில் சின்ன எழுத்தில் "இது பொழுதுபோக்குக்காக மட்டும்" என்று போடுவதையும் நான் விட்டுவிட்டேன். மேலே நிச்சயம் வருவார் என்று எழுதிவிட்டுக் கீழே அப்படிப் போட்டால், யாரும் அந்தக் கடைசி வரியை நம்பப்போவதில்லை.

தெரியாது என்று எல்லை போடும் வரியையும் சில சமயம் நடுவில் இருப்பவர்கள் வெட்டி எறிவார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் நம்பிக்கை தரும் வரியையும் அதன் எல்லையையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவைக்கிறேன். "அவரிடம் ஒரு முறை கேட்கலாம். பதில் வராமலும் போகலாம்" என்று இரண்டாக எழுதினால் இரண்டாவதை எடுப்பது சுலபம். "பதில் வராமலும் போகலாம் என்று தெரிந்தே, ஒரு முறை கேட்கலாம்" என்று எழுதினால், வெட்டுபவர் வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டும். வேறொருவர் வழியாகக் குறிப்பு போவதாக இருந்தால், கிளையன்ட்டுக்குப் போகும் கடைசி வடிவம் எனக்கும் அதே நேரத்தில் வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் இப்போது வேலையை எடுக்கிறேன். மறுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் எழுதுவதில்லை, அந்த வருமானம் போனது போனதுதான்.

"ஒரு முறை கேட்கலாம்" என்பதையும் எல்லோருக்கும் எழுத முடியாது. அந்தப் பெண்ணை அவர் பிளாக் செய்திருந்தாலோ, தொடர்புகொள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தாலோ, என்ன கார்டு விழுந்தாலும் நான் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். வேண்டாம் என்று சொன்னவரிடம் திரும்பப் போகச் சொல்லும் உரிமை எந்தக் கார்டுக்கும் இல்லை. அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குவது என்று பேச்சில் வந்தால் கார்டையே எடுப்பதில்லை. இது ரீடிங்குக்கான விஷயம் இல்லை என்று சொல்லி, நம்பக்கூடிய ஒருவரிடமும் உதவி மையத்திடமும் பேசச் சொல்லிவிட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அங்கே "பொறுமை" என்று ஒரு சொல் எழுதினாலும் அது ஆளையே காவு வாங்கலாம்.

குறிப்பை அனுப்பியதும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதைப் படிச்சு உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு உங்க வார்த்தையில ரெண்டு வரி எழுதி அனுப்புங்க." இந்தப் பழக்கம் வந்த பிறகுதான், நான் எழுதுவதும் அவர்கள் படிப்பதும் எவ்வளவு விலகிப்போகிறது என்று தெரிந்தது. "உங்கள் ஏக்கம்" என்று நான் எழுதியதை "அவரும் ஏங்குகிறார்" என்று படித்துப் பதில் அனுப்பியவர் உண்டு. உடனே போன் செய்து பேசி, அந்த வரியை மாற்றிப் புதுக் குறிப்பு அனுப்பினேன். பழையதை அழித்துவிடச் சொன்னேன், ஏனென்றால் இரண்டும் கையில் இருந்தால் பழையதைத்தான் வைத்துக்கொள்வார்.

அதே கேள்வியோடு மறுபடியும் வருபவர்களுக்கு இப்போது ரீடிங் எழுதுவதில்லை. போன முறைக்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்பேன். அவர் ஏதாவது பேசினாரா, நீங்கள் கேட்டீர்களா, ஏதாவது முடிவெடுத்தீர்களா? ஒன்றும் மாறவில்லை என்றால் பழைய குறிப்பையே மீண்டும் அனுப்பி, பணம் வாங்காமல் விட்டுவிடுகிறேன். நான் அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் சிலர் வேறு ஆளிடம் போய்த் தேதியோடு பதில் வாங்கிக்கொண்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் மட்டும் இன்றும் எப்போதாவது பேசுவார். வேறொரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகப் போன முறை சொன்னார். அதற்கும் கார்டு போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சம்பளம் எவ்வளவு, எப்போது சேர வேண்டும் என்று விசாரித்தேன்.